வேறு பணி குறுக்கிடுவதால் கூட்டத்துக்கு வர இயலாது: மின்னஞ்சலைப் பிழை பார்த்துத் தாருங்கள்

ஆற்றங்கரை

வேறொரு தன்னாட்சிக் கல்லூரியின் தமிழ்த்துறைப் பாடத்திட்டக் குழுவில் நான் வெளி உறுப்பினர், துணைவேந்தர் நியமனம். அவர்கள் கூட்டம் வைத்திருக்கும் அதே காலையில் என் ஆய்வு மாணவரின் வாய்மொழித் தேர்வு இருக்கிறது. கூட்டத்துக்கு வர இயலாது என்று கீழ்க்கண்டவாறு எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை பார்த்துச் சொல்லுங்கள். நாளைக் காலை அனுப்ப வேண்டும்.

> பொருள்: பாடத்திட்டக் குழு கூட்டம்
>
> மதிப்பிற்குறிய ஐயா,
>
> வணக்கம். உங்கள் 09.03.2026 தேதியிட்ட அழைப்பு கிடைத்தது. தங்கள் கல்லூரியின் பாடத்திட்டக் குழுக் கூட்டத்திற்க்கு என்னை அழைத்தமைக்கு மிக்க நன்றி. 18.03.2026 வியாழக்கிழமை காலை 10.30 மணியளவில் நடைபெறும் கூட்டத்தில் கலந்துக்கொள்ள ஆவலாக இருந்தேன். ஆனால் சில தவிர்க்க முடியாத காரணங்களினாலும் ஏற்கனவே ஒப்புக்கொண்ட வாய்மொழித் தேர்வு இருப்பதாலும் வர இயலாது என நினைக்கிறேன். சிரமத்திற்கு வருந்துகின்றோம். 19ஆம் தேதி வைத்தால் வர முடியும். இல்லையெனில் எனக்கு பதிலாக எங்கள் துறைத் தலைவரை அனுப்பி வைக்கிறேன்.
>
> நன்றி.

---

தாளும்மையும்

கண்ணில் பட்டவை: "மதிப்பிற்குரிய" என்று இருக்க வேண்டும், உரிமையிலிருந்து வருவதால் இடையின ரகரம். "கூட்டத்திற்கு" போதும், ற்-க்கு அடுத்து க் வராது. "எனக்குப் பதிலாக" என்று ப் போட வேண்டும். "கலந்துக்கொள்ள" சரிதான். அதைப் பார்த்தே "ஒப்புக்கொண்ட" என்பதையும் சரி பார்த்துக்கொண்டேன். மற்றபடி நல்ல கடிதம், அனுப்பலாம்.

---

திருத்தக்காரர்

இப்போது அனுப்ப வேண்டாம். ஒற்றைவிடப் பெரிய விஷயங்கள் உள்ளே இருக்கின்றன.

மறுப்புக் கடிதத்தைப் பிழை பார்க்கும்போது முதலில் எழுத்தைப் பார்க்கக்கூடாது. அழைப்பை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு தேதி, கிழமை, நேரம், பெயர் ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். கடிதத்தை மட்டும் வாசித்தால் இந்தப் பிழைகள் தெரியவே தெரியாது, ஏனென்றால் வாக்கியம் சரியாகத்தான் ஓடும்.

18.03.2026 புதன்கிழமை. நீங்கள் வியாழன் என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பவருக்கு உங்களுக்கு வேலை இருப்பது 18ஆ 19ஆ என்று தெரியாது. வேலை வியாழக்கிழமைதான் என்று எடுத்துக்கொண்டால், "கூட்டம் புதன்தானே, நீங்கள் வரலாமே" என்று பதில் வரும். தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதுவதன் பயனே ஒன்று தப்பானால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும் என்பதுதான். அந்தப் பயன் அனுப்பும் முன் உங்களுக்குக் கிடைக்க வேண்டும், அனுப்பிய பின் அவர்களுக்கு அல்ல.

அடுத்து, மாற்று நாளாக 19ஐச் சொல்கிறீர்கள். அன்று தெலுங்கு வருடப் பிறப்பு, அரசு விடுமுறை. எந்தக் கல்லூரியும் அன்று கூட்டம் வைக்காது. மாற்று நாள் கொடுப்பதென்றால் விடுமுறைப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். "இயலாது என நினைக்கிறேன்" என்பது மறுப்பு இல்லை. குழுத் தலைவர் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார். இந்த வரியைப் படித்தால் உங்களை வருவோர் பட்டியலில் வைப்பதா, எடுப்பதா என்று தெரியாமல் தொலைபேசியில் கேட்க வேண்டிவரும். பொருள் வரியும் அப்படியே. "பாடத்திட்டக் குழு கூட்டம்" என்று மட்டும் இருந்தால் வருகிறீர்களா இல்லையா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். துறைத் தலைவரை அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குழுவில் உங்கள் இடம் உங்கள் பெயருக்கா, உங்கள் துறைக்கா?

---

சிங்கைவாசி

எனக்கும் இதே சிக்கல்தான். எங்கள் அணியில் வாராவாரம் வியாழக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம், கூகுள் நாட்காட்டியில் அழைப்பு வந்திருக்கிறது. ஒரு வாரம் மட்டும் வேறு வேலை. No அழுத்தினால் எல்லா வாரமும் போய்விடுமா? மின்னஞ்சலில் "அடுத்த வியாழன் வர முடியாது" என்று போட்டால் போதாதா?

---

வெள்ளாறு

@சிங்கைவாசி, உங்களுடையது வேறு சிக்கல். இங்கே கடிதத்தைப் பிழை பார்க்கிறார்கள். ஆனாலும் சொல்கிறேன். தொடர் கூட்டமானால் No அழுத்தியதும் எதற்கு என்று கேட்கும். `This event` என்பதைத் தேர்ந்தெடுங்கள், அந்த ஒரு நாள் மட்டும் மறுக்கப்படும். `All events` என்றால் முழுத் தொடருக்கும் மறுப்பு போய்விடும். "அடுத்த வியாழன்" என்று எழுதாதீர்கள். திங்கட்கிழமை படிப்பவர் இந்த வாரத்து வியாழனையா, அடுத்த வாரத்தையா என்று குழம்புவார். தேதி போடுங்கள். அணியில் சென்னைக்காரர்களும் இருந்தால் உங்கள் 3 மணி அவர்களுக்குப் பகல் 12.30. எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

---

ஆற்றங்கரை

@திருத்தக்காரர், நன்றி. கிழமையைக் கவனிக்கவே இல்லை. அழைப்பில் புதன் என்றுதான் இருக்கிறது.

நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், என் பெயருக்குத்தான் வந்திருக்கிறது. துறைத் தலைவரை அனுப்பினால் மரியாதையாக இருக்குமே என்று எழுதினேன். அதில் என்ன தவறு?

---

திருத்தக்காரர்

மரியாதை சரி, ஆனால் அவர் அந்தக் குழுவின் உறுப்பினர் அல்லர். தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழுவின் அமைப்பைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் சொல்கின்றன. வெளி வல்லுநர்களைக் கல்விப் பேரவை நியமிக்கிறது. ஒருவரை மட்டும், முதல்வர் பரிந்துரைக்கும் ஆறு பேர் கொண்ட பட்டியலிலிருந்து துணைவேந்தர் நியமிக்கிறார். நீங்கள் அந்த ஒருவர். நீங்களாக இன்னொருவரை அனுப்பிவைத்தால் அவரை எந்தத் தகுதியில் உட்கார வைப்பது, நடவடிக்கைக் குறிப்பில் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தலைவர் தர்மசங்கடப்படுவார். அவரே வேண்டாம் என்று எழுத வேண்டிய நிலைக்கும் தள்ளுகிறீர்கள்.

அதற்குப் பதில் உங்களால் கொடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: வரைவுப் பாடத்திட்டத்தைப் படித்துக் கருத்தை எழுத்தில் முன்கூட்டியே தருவது. கூட்டத்தில் அதை வாசித்துப் பதிவு செய்துகொள்வார்கள்.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். @தாளும்மையும் சொன்னவற்றில் மூன்று சரி, ஒன்று சரியில்லை. "கலந்துகொள்ள" என்பதில் க் வராது. "எடுத்துக்கொள்ள", "படித்துக்கொள்ள" என்பவற்றில் து-வுக்கு முன் வல்லின மெய் (த்) இருக்கிறது, அதனால் ஒற்று மிகும். "கலந்து" என்பதில் முன்னால் இருப்பது ந், மெல்லினம். "வந்துகொண்டிருக்கிறேன்" என்பதில் க் போடுகிறோமா? அதுபோலத்தான் இதுவும். "செய்துகொள்ள" என்பதிலும் முன்னால் இருப்பது ய், அங்கேயும் மிகாது. "ஒப்புக்கொண்ட" என்பதில் பு-வுக்கு முன் ப் இருக்கிறது, அதனால் மிகுந்தது. அதை வைத்துக் "கலந்து"வை முடிவு செய்ய முடியாது.

தலைப்பில் "குழு கூட்டம்", உள்ளே "குழுக் கூட்டம்" என்று இருக்கிறது. "பொதுக்கூட்டம்" என்று எழுதுவது போல "குழுக் கூட்டம்" என்பதே சரி, இரண்டு இடத்திலும் அப்படியே வையுங்கள். "ஆவலாக இருந்தேன்" என்று ஒருமையில் தொடங்கி "வருந்துகின்றோம்" என்று பன்மைக்குத் தாவியிருக்கிறீர்கள். அலுவலகச் சுற்றறிக்கையிலிருந்து ஒட்டிய வரி போல நிற்கிறது. "உங்கள்", "தங்கள்" இரண்டும் கலந்திருக்கின்றன, ஒன்றை வையுங்கள். கூட்டம் 10.30 "மணிக்கு", "மணியளவில்" அல்ல. நேரம் மோதுகிறது என்று சொல்லும் கடிதத்தில் நேரத்தை உத்தேசமாகச் சொல்லக்கூடாது.

"ஐயா" என்பதையும் பாருங்கள். அழைப்பின் கீழே கையொப்பமிட்டிருப்பவர் ஐயாதானா?

---

தாளும்மையும்

ஒற்று விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் காரணத்தைப் பற்றி மாற்றுக் கருத்து உண்டு. "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்ற ஒரு சொற்றொடரே போதும். வாய்மொழித் தேர்வு, மாணவர், நேரம் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தால் மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும்.

---

திருத்தக்காரர்

பொதுவாகச் சொன்னால் நீங்கள் சொல்வது பொருந்தும். குடும்ப விஷயம், மருத்துவம் என்றால் காரணமே எழுத வேண்டாம். இங்கே நிலைமை வேறு. தலைவருக்கு ஒரு கேள்வி எழும்: "அரை மணி தள்ளி வைத்தால் வருவாரா? இணையவழியில் சேர்வாரா?" காரணமும் அதன் நேரமும் ஒரு வரியில் இருந்தால் அந்தக் கேள்வி எழாது. கூட்டம் 10.30, தேர்வு எத்தனை மணிக்கு என்று கடிதத்தில் இல்லை. பிற்பகல் தேர்வாக இருக்கலாம் என்று அவர் நினைக்க இடமிருக்கிறது.

இரண்டையும் சேர்த்து எழுதுவதுதான் கெடுதல். "சில தவிர்க்க முடியாத காரணங்களினாலும்... தேர்வு இருப்பதாலும்" என்றால் தேர்வைத் தவிர வேறு ஏதோ காரணமும் இருப்பதாகப் பொருள் வருகிறது. தேர்வு என்பது சாக்கு, உண்மைக் காரணம் வேறு என்று படிக்கவும் வழி வைக்கிறது. தேர்வை மட்டும் எழுதுங்கள். மாணவர் பெயர், புறத்தேர்வாளர் பெயர் எதுவும் வேண்டாம்.

---

யாழ்ப்பாணத்தான்

"ஏற்கனவே" என்பதை யாரும் தொடவில்லையே. "ஏற்கெனவே" என்பதுதான் சரி.

---

வெள்ளாறு

இது முடியாத வழக்கு. இரண்டையும் அகராதிகள் பதிவு செய்திருக்கின்றன, நாளிதழ்களும் இரண்டாகத்தான் நிற்கின்றன. தமிழ்த்துறைக்குப் போகும் கடிதம் என்பதால் யாராவது வட்டமிடுவார்கள் என்று பயந்தால் "முன்னரே" என்று போட்டுவிடலாம்.

---

யாழ்ப்பாணத்தான்

வழக்கைத் தவிர்ப்பது வேறு, சரி எது என்பது வேறு. என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் இந்தக் கடிதத்துக்கு "முன்னரே" பொருந்தும்.

---

ஆற்றங்கரை

திருத்தியது இது. தலைவர் அம்மையார், விளிப்பை மாற்றிவிட்டேன்.

> பொருள்: 18.03.2026 பாடத்திட்டக் குழுக் கூட்டம் – கலந்துகொள்ள இயலாமை
>
> மதிப்பிற்குரிய அம்மையீர்,
>
> வணக்கம். தங்கள் 09.03.2026 தேதியிட்ட அழைப்பு கிடைத்தது. என்னை அழைத்தமைக்கு நன்றி. 18.03.2026 புதன்கிழமை காலை 10.30 மணிக்குக் கூட்டம் நடைபெறும் எனக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதே நாள் காலை 11 மணிக்கு என் நெறியாள்கையில் ஆய்வு செய்யும் மரணவரின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நடைபெறுகிறது. அதற்கான அறிவிப்பு முன்னரே வெளியாகிவிட்டது. எனவே அதில் கலந்துகொள்ள இயலாமைக்கு வருந்துகிறேன்.
>
> வரைவுப் பாடத்திட்டத்தைப் படித்து என் கருத்துகளை 16.03.2026 திங்கட்கிழமைக்குள் எழுத்தில் அனுப்பி வைக்கிறேன். கூட்டத்தைத் தள்ளிவைக்க நேர்ந்தால் 24.03.2026 செவ்வாய், 26.03.2026 வியாழன் ஆகிய நாள்களில் வர இயலும்.
>
> நன்றி.

---

திருத்தக்காரர்

நிறையச் சீராகிவிட்டது. தேதி, கிழமை நான்கையும் நாட்காட்டியில் பார்த்தேன், சரி. ஆனால் திருத்தும்போது புதிதாக ஒரு பிழை நுழைந்திருக்கிறது. "எனவே அதில் கலந்துகொள்ள இயலாமைக்கு" என்பதில் "அது" எது? முதல் வரைவில் கூட்டம் பக்கத்திலேயே இருந்தது. இப்போது நடுவில் தேர்வும் அறிவிப்பும் வந்து உட்கார்ந்துவிட்டன. இப்போது படித்தால் தேர்வில் கலந்துகொள்ள இயலாது என்று வருகிறது. "எனவே பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் கலந்துகொள்ள இயலாமைக்கு வருந்துகிறேன்" என்று பெயரைச் சொல்லியே எழுதுங்கள். எந்த வாக்கியத்தை இடம் மாற்றினாலும், அதற்குப் பின்னால் வரும் "அது", "அதில்", "அன்று", "மேற்கண்ட" ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வரைவுப் பாடத்திட்டம் உங்களிடம் வந்துவிட்டதா? வரவில்லை என்றால் 16ஆம் தேதிக்குள் அனுப்புவேன் என்பது உங்கள் கையில் இல்லாத வாக்குறுதி.

---

ஆற்றங்கரை

இன்னும் வரவில்லை. கூட்டத்தில் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

---

திருத்தக்காரர்

அப்படியானால் "வரைவுப் பாடத்திட்டத்தை 13.03.2026 வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால், என் கருத்துகளை 16.03.2026 திங்கட்கிழமைக்குள் எழுத்தில் தருகிறேன்" என்று வையுங்கள். அவர்கள் செய்ய வேண்டியது எது, நீங்கள் செய்வது எது என்று பிரிந்துவிடும். வார இறுதி இரண்டு நாளும் படிக்கக் கிடைக்கும்.

---

தாளும்மையும்

மாற்று நாள் கொடுப்பதை எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். பத்துப் பேருக்கு அழைப்பு அனுப்பி நாள் குறித்தவரிடம் ஒருவர் "24இல் வருகிறேன்" என்றால், கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்வது போலத் தெரியும்.

---

திருத்தக்காரர்

"தள்ளிவைக்க நேர்ந்தால்" என்று இருப்பதால் அப்படித் தெரியாது என்று நினைக்கிறேன். பலர் வர இயலாமல் நாளை மாற்றினால் அந்த வரி உதவும், இல்லையென்றால் ஒரு கெடுதலும் இல்லை.

---

தாளும்மையும்

எழுதுபவருக்கு அப்படி. பெறுபவருக்கு எப்படி என்பதில் எனக்கு இன்னும் ஐயம்தான். இது எழுதுபவரின் முடிவு.

---

வெள்ளாறு

எழுத்தில் ஒன்று. இரண்டாம் வரைவை இங்கிருந்து நகலெடுத்து எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "மாணவரின்" என்பதில் மா-வின் காலுக்குப் பதில் ரகரம் விழுந்திருக்கிறது, அதாவது "மரணவரின்". பல எழுத்துருக்களில் காலும் ரகரமும் ஒன்று போலவே தெரியும், கண்ணில் படாது. மேலே தெரிவதும் அப்படித்தான், அதனால் எல்லோரும் சரியாகவே வாசித்திருக்கிறோம். அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டுத் திரும்பத் தட்டுங்கள்.

இன்னொன்று எளிது. உலாவியில் `Ctrl+F` அழுத்தி "ற்க்" என்று தேடுங்கள். தமிழில் அந்த இரண்டு மெய்யும் அடுத்தடுத்து வரவே வராது. அகப்பட்டால் அது பிழைதான், யோசிக்க வேண்டியதில்லை. முதல் வரைவின் "கூட்டத்திற்க்கு" அப்படிப் பிடிபட்டிருக்கும். "துக்கொ" என்றும் தேடலாம், ஆனால் அதில் "எடுத்துக்கொள்ள" போன்ற சரியானவையும் வரும். ஒவ்வொன்றிலும் முன்னெழுத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

---

சிங்கைவாசி

மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் நாட்காட்டியில் வேறு எதுவும் அழுத்த வேண்டாமா? எனக்கு இரண்டும் வந்திருக்கிறது.

---

வெள்ளாறு

அழுத்த வேண்டும். மின்னஞ்சலை நாட்காட்டி படிக்காது. நீங்கள் No கொடுக்காதவரை அமைப்பாளரின் பட்டியலில் பதில் தராதவராகவே நிற்பீர்கள், நினைவூட்டலும் வந்துகொண்டிருக்கும். No-வோடு குறிப்பு எழுத இடம் உண்டு. அதில் நீண்ட காரணம் வேண்டாம், மற்ற அழைப்பாளர்களும் பார்க்கக்கூடும். "விவரம் மின்னஞ்சலில்" என்று எழுதினால் போதும்.

@ஆற்றங்கரை, உங்களுக்கும் நாட்காட்டி அழைப்பு வந்ததா?

---

ஆற்றங்கரை

இல்லை, கடிதம் இணைப்பாக வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த மின்னஞ்சலில் எல்லா உறுப்பினர் முகவரியும் இருக்கிறது. எல்லோருக்கும் பதில் போகட்டுமா?

---

திருத்தக்காரர்

வேண்டாம். தலைவருக்கு மட்டும். ஒருவர் வரவில்லை என்று பத்துப் பேருக்கும் போனால் மற்றவர்களும் யோசிக்கத் தொடங்குவார்கள். அழைப்பில் முதல்வருக்கு நகல் இருந்தால் உங்கள் பதிலிலும் அவருக்கு நகல் வையுங்கள், இல்லையென்றால் வேண்டாம். `Reply` கொடுங்கள், `Reply all` அல்ல. புதிய மின்னஞ்சலாகத் தொடங்காமல் வந்த மின்னஞ்சலுக்கே பதில் கொடுத்தால் அவர்கள் எழுதியதும் கீழே சேர்ந்து வரும். ஆனால் பொருள் வரியில் பழைய தலைப்பே நிற்கும், அதை மறக்காமல் மாற்றுங்கள். ஜிமெயில் அமைப்புகளில் `Undo Send` நேரத்தை 30 விநாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வைக்க முடியாது. அனுப்பியதும் பெறுநர் பெட்டியை ஒரு முறை பார்க்க அந்த நேரம் போதும்.

---

ஆற்றங்கரை

"மாணவரின்" திரும்பத் தட்டிவிட்டேன். "அதில்" என்பதை எடுத்துவிட்டேன். வரைவு கேட்கும் வரியையும் சேர்த்துவிட்டேன். மாற்று நாள் வரியை இன்றிரவு யோசித்து முடிவு செய்கிறேன்.

---

யாழ்ப்பாணத்தான்

"நன்றி" என்பதற்குப் பின் "இப்படிக்கு" போட்டு உங்கள் பெயரோடு "துணைவேந்தர் நியமன உறுப்பினர்" என்று சேருங்கள். குழுவில் உங்கள் இடம் எது என்று தலைவர் பட்டியலைத் தேட வேண்டியிருக்காது.